இந்தப் படத்தை வரைந்தது யார்?

நீலப்பச்சை நிறத்தில் தரையைத் தொடும் இரட்டைச் சடை, கையில்லாத சட்டை. பிண்டரெஸ்டில் இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், அனிமே ரசிகர்கள் "ஹட்சுனே மிக்கு" என்று உடனே சொல்லிவிடுவார்கள். 2007இல் ஜப்பானின் கிரிப்டான் நிறுவனம் வெளியிட்ட பாட்டு மென்பொருளின் முகம் அவள். அவளை முதலில் வடிவமைத்தவர் கெய் என்ற ஓவியர். ஆனால் உங்கள் கையில் உள்ள படத்தைக் கெய்தான் வரைந்தார் என்று சொல்ல முடியாது. மிக்குவை வரைந்த ரசிகர்களுக்குக் கணக்கே இல்லை. கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினாலும் பெரும்பாலும் வேறு வேறு மிக்குக்களே வந்து குவியும்.

முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். `12345678_p0.jpg` என்ற அமைப்பில் இருந்தால் அது அநேகமாக பிக்சிவ் தளத்திலிருந்து வந்தது. `pixiv.net/artworks/` என்பதற்குப் பின்னால் அந்த எண்ணைச் சேர்த்தால் அந்த ஓவியத்தின் பக்கமே திறக்கும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இந்தப் பெயர் தங்காது.

அப்போது சாஸ்நாவோ கைகொடுக்கும். அது பிக்சிவ், டான்பூரு போன்ற ஓவியத் தளங்களின் படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, ஒற்றுமையைச் சதவீதத்தில் காட்டும். 90ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலும் அதே படம். 50, 60 என்றால் நம்ப வேண்டாம். யாராவது படத்தை இடவலமாகத் திருப்பியோ, ஓரம் வெட்டியோ, மேலே வாசகம் எழுதியோ இருந்தால் சதவீதம் சரியும். திருப்பிப் போட்டு, வாசகத்தை வெட்டிவிட்டு மறுபடி தேடுங்கள்.

டான்பூருவில் ஒவ்வொரு படத்துக்கும் பயனர்களே குறிச்சொல் இடுகிறார்கள். பாத்திரத்தின் பெயர் பச்சையிலும் ஓவியர் பெயர் சிவப்பிலும் இருக்கும். ஓவியர் தெரியாவிட்டால் `artist_request` என்று போட்டிருப்பார்கள். (வயது வந்தோருக்கான படங்களும் அங்கே உண்டு, பிள்ளைகள் தேடினால் `safebooru.donmai.us` போதும்.) சிவப்பில் ஒரு பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது, குறிச்சொல்லும் தவறலாம். பக்கத்திலுள்ள `Source` இணைப்பைத் திறந்து ஓவியரின் சொந்தக் கணக்கு வரை போக வேண்டும்.

அங்கேயும் ஒரு சந்தேகம் எழும்: இவர் வரைந்தவரா, எடுத்துப் போட்டவரா? வரைந்தவரிடம் உள்ள படம் பெரும்பாலும் அளவில் பெரிதாக, வெட்டப்படாமல், கையொப்பத்தோடு இருக்கும். அதே கைவண்ணத்தில் வேறு ஓவியங்களும், பாதி வரைந்த கோட்டோவியங்களும் உடன் இருக்கும். எடுத்துப் போடுபவரின் பக்கத்தில் பத்துப் பேரின் பாணி கலந்து கிடக்கும். தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஓவியர் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றியிருக்கலாம்.

கணக்கையே மூடிவிட்டுப் போன ஓவியர்களும் உண்டு. அங்கே தேடல் நின்றுபோகும். பெயர் கிடைத்தாலும் படத்தைப் பகிர அனுமதி கிடைத்ததாக ஆகாது. ஜப்பானிய ஓவியர்கள் பலர் மறுபதிவு கூடாது என்று தங்கள் அறிமுகக் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். படத்தை எடுத்துப் போடாமல், அவர் பதிவின் இணைப்பைக் கொடுங்கள்.