262 பண்டமாற்று, 42 பேர்ல்

மைன்கிராஃப்ட்டைக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஆடி முடிப்பவர்களுக்குத் தீராத தலைவலி என்டர் பேர்ல். கடைசி டிராகன் வசிக்கும் உலகின் வாசலைத் திறக்க 12 கண்கள் வரை வேண்டும். ஒரு கண் செய்ய ஒரு பேர்லும், பிளேஸ் என்ற நெருப்புப் பூதத்தைக் கொன்றால் கிடைக்கும் தடியின் பொடியும் தேவை. பேர்ல் சேர்க்க வேகமான வழி, நெதர் உலகில் இருக்கும் பிக்லின்களிடம் தங்கக் கட்டியை வீசுவது. அவை பதிலுக்கு எதையாவது தூக்கிப் போடும். பெரும்பாலும் சரளைக் கல், தோல் போன்றவைதான்.

அந்த 'எதையாவது' எப்படி முடிவாகிறது? பதிப்பு 1.16.1-இல் பிக்லினுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. சரளைக்கு 40, தோலுக்கு 40, நூலுக்கு 20, பேர்லுக்கு 20 என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை. மொத்தம் 423. இதை 423 சீட்டுகள் போட்ட குடம் என்று வைத்துக்கொள்ளலாம். பேர்ல் என்று எழுதியவை 20. கணினி 0 முதல் 422 வரை ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து பட்டியலின் எடைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும். எந்தப் பொருளில் விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறதோ, அது உங்களுக்கு.

எண்ணை எடுக்கும் யந்திரத்தில் உண்மையான தற்செயல் ஏதுமில்லை. ஜாவா மொழியின் வழக்கமான முறை, முந்தைய எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, 11 கூட்டி, கடைசி 48 பிட்களை மட்டும் வைத்துக்கொள்ளும். முழுக்க முழுக்கக் கணக்குதான். ஆனாலும் ஆட்டத்தில் நடக்கும் வேறு பல காரியங்களும் எண்களை எடுத்துக்கொண்டே இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் அடுத்த எண்ணை ஊகித்துவிட முடியாது.

423-இல் 20 என்றால் சுமார் 4.7 சதவீதம், ஏறக்குறைய 21-இல் ஒன்று. ஆட்டக்காரர்கள் டிராப் ரேட் என்பது இதைத்தான். ஆனால் பேச்சுவழக்கில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது: '21 முறை வீசியாச்சு, இன்னும் வரலையே, இனி வந்தே ஆகணும்!' எடுத்த சீட்டு ஒவ்வொரு முறையும் குடத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதை மனம் ஏற்பதில்லை. 21 முறை வீசியும் ஒரு பேர்ல்கூடக் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 36 பேர். 62 முறை வீசிய பிறகும் நூற்றுக்கு ஐந்து பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அவர்கள் கதறும் காணொளிகளுக்கு நல்ல வரவேற்பு உண்டு என்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஒருவருக்கு அதிர்ஷ்டமா, கைவரிசையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரே ஓட்டத்தை வைத்து முடியாது. பல ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் முடியும் என்பதை 2020 அக்டோபரில் டிரீம் என்ற பிரபல யூடியூபர் நேரலையில் ஆடிய ஓட்டங்கள் காட்டின. அடுத்தடுத்த ஆறு நேரலைகளில் அவர் செய்த பண்டமாற்று 262. பட்டியல்படி அவற்றில் 12 அல்லது 13 முறை பேர்ல் வந்திருக்க வேண்டும். வந்தது 42 முறை. இத்தனை பண்டமாற்றில் மூன்று நான்கு கூடுவதும் குறைவதும் சகஜம். முப்பது கூடுவது அப்படியல்ல. நெருப்புத் தடியிலும் இதே கதை. பிளேஸைக் கொன்றால் தடி கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 305 பிளேஸ்களுக்குச் சுமார் 152 தடிகள் வர வேண்டும், கிடைத்தவை 211.

சாதனைகளைச் சரிபார்க்கும் நடுவர் குழு டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. எனக்கு அதில் பிடித்தது, அவருக்குச் சாதகமாக அவர்கள் விட்டுக்கொடுத்த இடங்கள். ஆயிரம் பேர் ஆடினால் யாரோ ஒருவருக்கு அதிர்ஷ்டம் கொட்டத்தான் செய்யும். அதற்காகக் கணக்கைத் தளர்த்தினார்கள். தேவையான பேர்ல் கிடைத்ததும் வீசுவதை நிறுத்துவார்கள், ஆகவே கடைசி முயற்சி வெற்றியாகவே இருக்கும், அதற்கும் தள்ளுபடி. சந்தேகம் வந்த நேரலைகளை மட்டும் பொறுக்கி எடுத்ததற்கும் தள்ளுபடி. எல்லாம் போக மிஞ்சியது, ஏழரை லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. டிரீம் தரப்பில் பெயர் வெளியிடாத ஒருவர் எழுதிய மறுப்பு, அதைக் கோடிக் கணக்கில் ஒன்று என்று இறக்கிப் பார்த்தது. மறுப்பென்று வந்ததே அந்த நிலையில்தான் இருந்தது! நடுவர்கள் டிரீம் சமர்ப்பித்திருந்த ஓட்டத்தைச் சாதனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2021 மே மாதம், டிராப் ரேட்டை மாற்றிய ஒரு மாட் தன் கணினியில் இருந்தது என்றும், ஆடியபோது அது தனக்குத் தெரியாது என்றும் டிரீம் எழுதினார்.

பட்டியலைத் தயாரிப்பாளர்களே மாற்றியதும் உண்டு. 1.16.2-இல் பேர்லின் எடை 459-இல் 10 ஆனது. ஒருமுறைக்கு நான்கு முதல் எட்டு வரை கிடைத்தது இரண்டு முதல் நான்காகச் சுருங்கியது. ஒரு தங்கக் கட்டிக்குச் சராசரியாகக் கிடைக்கும் பேர்ல் கால் பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. புதிய பதிப்புகள் எத்தனை வந்தாலும் வேக ஆட்டக்காரர்களில் பலர் 1.16.1-ஐ விடாமல் பிடித்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.