ஜப்பானுக்கு முன் ஒரு படம்

ஜப்பான் போகுமுன் படம் பார்க்க நினைப்பவர்கள் பலரும் 'தி லாஸ்ட் சாமுராய்' படத்தைத்தான் முதலில் தேடுவார்கள். அதில் வரும் மலைக்கிராமம் படமாக்கப்பட்டது நியூசிலாந்தில். கதை நடக்கும் நாடு வேறு, படம் பிடித்த நாடு வேறாக இருக்கலாம். ஐஎம்டிபி தளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்து, Filming locations என்ற பகுதியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அங்குள்ள பட்டியல் பயனர்கள் சேர்ப்பது. ஆகவே படத்தின் இறுதியில் நன்றி சொல்லப்படும் ஊர்களோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு 2021இல் வந்த 'டிரைவ் மை கார்'. பெரும்பகுதி ஹிரோஷிமாவிலும் சுற்றுப்புறத்திலும் எடுத்தது. நாயகன் தங்குவது மிதராய் என்ற பழைய துறைமுக ஊரில். தீவுகளை இணைக்கும் பாலங்கள் வழியாகத் தினமும் நாடக அரங்குக்குக் காரில் வருகிறான். கண்ணாடிச் சுவர்கள் வழியே கடல் தெரியும் அந்தக் குப்பை எரிக்கும் ஆலையும் நிஜமானதுதான். அணுகுண்டு நினைவிடத்தை மட்டுமே அறிந்தவர்களுக்கு, மக்கள் வேலைக்குப் போய்வரும் ஹிரோஷிமாவை இந்தப் படம் காட்டுகிறது.

ஆனால் படத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். படத்தொகுப்பில் ஒரு வெட்டு பல கிலோமீட்டரை விழுங்கிவிடும். வரைபடத்தைப் பார்த்தே பயணத்தைத் திட்டமிடுங்கள்.