மோட்டாரின் விலையும் அதன் ஆயுட்காலச் செலவும்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் மஞ்சளும் விளைகிறது, பட்டுக்கூடும் விளைகிறது. சங்கமொன்று மஞ்சள் மெருகேற்றும் டிரம்முக்கு ஒன்று, பட்டு நூல் முறுக்கும் யந்திரத்துக்கு ஒன்று என இரு மோட்டார்கள் வாங்குவதாகக் கொள்வோம். இரண்டும் 5 குதிரைத்திறன். புதிய உயர்திறன் மோட்டார் 20,000 ரூபாய்; காயில் மாற்றிக் கட்டிய பழையது 8,000 ரூபாய். கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட விலைகள் இவை. அங்கத்தினர் பலரும் பழையதற்கே கை தூக்குவர்.

புதியதன் திறன் நூற்றுக்கு 88. பழையதன் திறனை 82 என்று வைப்போம். முழுச் சுமையில் ஓடுகையில் பழையது மணிக்கு ஏறக்குறைய 0.31 யூனிட் அதிகம் இழுக்கும். அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசத்தை ஓடும் நேரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

முறுக்கு யந்திரம் இரண்டு ஷிப்டு, 300 நாள் ஓடினால் ஆண்டுக்கு 4,800 மணி. யூனிட் 8 ரூபாய் வீதம் மிச்சம் சுமார் 11,800 ரூபாய். பத்தாண்டு மிச்சத்தை அப்படியே கூட்டுவது தவறு. நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமன்று. வட்டி நூற்றுக்கு 10 எனில், பத்தாண்டுகள் ஆண்டுதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 6 ரூபாய் 14 காசு. அவ்வகையில் மிச்சம் ஏறக்குறைய 72,500 ரூபாய்.

பழையதற்கு ஐந்தாம் ஆண்டில் மறுபடி காயில் கட்ட 4,000 ரூபாய் ஆகும். அதன் இன்றைய மதிப்பு 2,480. கடைசியில் பழைய இரும்புக் கடையில் புதியது 3,000, பழையது 2,000 பெறும். பத்தாண்டு கழித்து வரும் பணமாதலால் வித்தியாசம் இன்று 390 ரூபாய்தான். விற்பனை மதிப்பைப் பெரிதாக்கிப் பேசுவோர் இதைக் கவனிப்பது நலம். எல்லாம் சேர்த்து, கூடுதல் விலை 12,000 ரூபாயைக் கழித்தாலும் புதியதே 63,000 ரூபாய்க்கு மேல் இலாபம்.

அதே மோட்டார்கள் மஞ்சள் டிரம்மில் பருவத்துக்கு 300 மணி மட்டும் ஓடினால்? மின்சார மிச்சத்தின் இன்றைய மதிப்பு 4,500 ரூபாயளவே. காயில் செலவையும் விற்பனை மதிப்பையும் சேர்த்தாலும் 12,000 ரூபாயை எட்டாது, பழையதே மலிவு. மேற்படி விலைகளில் எல்லைக்கோடு ஆண்டுக்கு 600 மணியளவில் விழுகிறது. முழுச் சுமை இல்லாதபோது மிச்சமும் குறையும். அப்போது எல்லைக்கோடு மேலேறும். தமிழ்நாட்டில் விவசாயக் கிணற்றிணைப்புக்கு மின்கட்டணம் இல்லையாதலால் வயல் பம்புக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

கணக்கில் ஐயத்துக்குரிய எண் அந்த 82தான். பழைய காயிலைக் கழற்றத் தீ மூட்டிச் சுடும் பட்டறைகள் உண்டு. அதிகச் சூட்டில் உள்ளிரும்புத் தகடுகளுக்கிடையேயுள்ள மின்காப்புப் பூச்சு கெட்டு, மோட்டார் சும்மா ஓடும்போதே வெப்பமாகச் சக்தியை வீணாக்கும். வாங்குமுன் சுமையின்றி ஓட்டி, வாட் மீட்டரில் சக்தியைக் குறித்து, அதே திறனுள்ள புதியதோடு ஒப்பிடுக. வெகுவாக மிகுந்திருந்தால் திறனை 82க்கும் கீழே வைத்து மறுபடி கணக்கிடுக.