‘நீ என்ன கண்டாய்?’

சென்ற ஆண்டு ஒரு விஞ்ஞான மாநாட்டில் என் முதல் போஸ்டரை மாட்டிவிட்டு அதன் அருகே இரண்டு மணி நேரம் நின்றேன். என்னை நாடி வந்தவர் நால்வர். அவர்களுள் மூவர் தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தவர்கள். நான்காமவர் நரைத்த தலையர். தலைப்பைப் பாதி வரை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அதெல்லாம் சரி, நீ என்ன கண்டாய்?” என்றார். நான் ஆய்வு முறையிலிருந்து தொடங்கினேன். அவர் பொறுமையாக ஒரு நிமிடம் கேட்டார். தலையசைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

அன்று இரவு விடுதிக்குத் திரும்பியதும் என் போஸ்டரை நானே அயலான்போல் படித்துப் பார்த்தேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை அதில் எங்குமே இல்லை! இரண்டாவது மாநாட்டுக்கு அதே ஆராய்ச்சியை மீண்டும் எழுதினேன். அந்த வேலையை அப்படியே சொன்னால், அடுத்த பருவத்தில் போஸ்டர் எழுதவிருக்கும் நம் சங்கத்து நண்பர்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் ஆராய்ச்சி இன்னதென்று கூற வேண்டும். ராஜஸ்தானத்து நாகௌர் மாவட்டத்தில் (நம் நாகூர் அன்று!) கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதை அகற்றச் செயலூட்டிய அலுமினா என்னும் மணிபோன்ற பொருள் வழியாக நீரைச் செலுத்துவது பழைய முறை. அலுமினா தன் பரப்பில் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் பலர் இதைக் காய்ச்சி வடித்த நீரில் ஃபுளோரைடு உப்பைக் கரைத்துச் சோதிக்கிறார்கள். நான் மெய்யான கிணற்று நீரிலும் சோதித்தேன்.

முதல் போஸ்டரின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: ‘செயலூட்டிய அலுமினாவைக் கொண்டு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்குதல்: சமநிலை, வேக இயல், வெப்ப இயக்கவியல் மற்றும் உடனிருக்கும் அயனிகளின் விளைவு பற்றிய ஓர் ஆய்வு.’ இது நான் என்னென்ன செய்தேன் என்பதன் பட்டியலேயன்றி, என்ன கண்டேன் என்பதன்று. அதன் கீழே பதினொரு கட்டங்கள். சுருக்கம், முன்னுரை, நோக்கம், கருவிகள், ஆறு வரைபடங்கள், முடிவுரை. நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய கட்டுரையைச் சுவரில் ஒட்டியிருந்தேன் என்பதே உண்மை.

புதிதாக எழுதத் தொடங்கியபோது தலைப்பைத் தொடவில்லை. வெள்ளைத்தாளில், நரைத்த தலையருக்குச் சொல்லும் விடையை ஒரே வாக்கியமாக எழுத முயன்றேன். ‘அலுமினா ஃபுளோரைடை நீக்குகிறது’ என்று முதலில் வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது, அடித்தேன். ‘கிணற்று நீரின் தன்மை ஃபுளோரைடு நீக்கத்தைப் பாதிக்கிறது’ என்பது அடுத்தது. எப்படிப் பாதிக்கிறது, எவ்வளவு என்று கேட்டால் வாக்கியம் வாய்திறக்கவில்லை, அதையும் அடித்தேன். மூன்றாவது முயற்சியில், ‘பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரில் அலுமினா பாதி ஃபுளோரைடையே பிடிக்கிறது’ என்று வந்தது. இதில் பொருள் இருக்கிறது, திசை இருக்கிறது, அளவும் இருக்கிறது. மறுப்பவர் மறுக்கவும் இடம் இருக்கிறது. இதுவே தலைப்பாயிற்று.

ஆனால் இத்தகைய தலைப்புக்கு ஓர் ஆபத்து உண்டு. முடிவையே தலைப்பாக வைத்தவன் அதைக் காப்பாற்றியாக வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்து மூத்த மாணவர், “பைகார்பனேட்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? பைகார்பனேட் மிகுந்தால் நீரின் காரத்தன்மையும் ஏறும். காரம் ஏறினாலே அலுமினாவின் திறன் குறையுமே!” என்றார். நியாயமான கேள்வி. பழைய தலைப்பு இருந்திருந்தால் அவர் இதைக் கேட்டிருக்கவும் மாட்டார், நான் சிந்தித்திருக்கவும் மாட்டேன். மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை நான்கு வகையாக எடுத்து, ஒரே அளவு அலுமினாவுடன் ஒரே நேரம் கலக்கினேன். வடித்த நீரில் எஞ்சியது 0.8 மில்லிகிராம். வடித்த நீரில் சோடா காரம் சிறிது சேர்த்துக் கிணற்று நீரின் காரநிலைக்கு மட்டும் உயர்த்தியபோது எஞ்சியது 1.3. காரநிலையை மாற்றாமல் பைகார்பனேட்டையும் கிணற்று நீரின் அளவுக்குச் சேர்த்தபோது 2.7. கிணற்று நீரிலேயே 2.9. ஆகவே காரத்தன்மைக்கும் ஒரு பங்குண்டு, பெரும்பங்கு பைகார்பனேட்டினுடையது. அது அலுமினாவின் பரப்பில் ஃபுளோரைடின் இடத்துக்குப் போட்டியிடுகிறது. தலைப்பு பிழைத்தது.

இதன்பின் கட்டங்களைக் குறைப்பது எளிதாயிற்று. தலைப்பில் உள்ள வாக்கியத்தை நம்புவதற்கு இந்தக் கட்டம் தேவையா என்று ஒவ்வொன்றையும் கேட்டேன். வெப்ப இயக்கவியல் அட்டவணை போயிற்று. நுண்ணோக்கிப் படங்கள் போயின. (அவற்றுக்காக மூன்று வாரம் வரிசையில் காத்திருந்தேன், எடுக்கும்போது மனம் வலித்தது என்பதை மறைப்பானேன்?) சுருக்கமும் போயிற்று. போஸ்டரே சுருக்கம்தானே! போனவையெல்லாம் ஒரு தாளில் அச்சாகி, கேட்பவர் கையில் கொடுக்கத் தயாராக நின்றன.

மிஞ்சியவை நான்கு கட்டங்கள். முதலாவதில் மூன்று வரி: நாகௌர்ப் பகுதிக் கிணற்று நீரில் ஃபுளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்தே மிகுந்திருக்கின்றன, சோதனைகளோ பெரும்பாலும் வடித்த நீரில் நடக்கின்றன. இரண்டாவதில் நான்கு குடுவைகளின் படம், முறை அவ்வளவுதான். மூன்றாவது கட்டம் போஸ்டரில் பாதி. அதில் நான்கு தூண்கள் கொண்ட ஒரே வரைபடம், குறுக்கே 1.5 மில்லிகிராமில் ஒரு கோடு. அது உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்துள்ள அளவு. முதல் இரண்டு தூண்கள் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. மற்ற இரண்டும் தாண்டி நிற்கின்றன. இதைப் பார்த்தவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. கடைசிக் கட்டத்தில் எல்லையைச் சொன்னேன்: ஒரே கிணறு, ஒரே வகை அலுமினா, கலக்கிப் பார்த்த சோதனை, நீர் ஓடும் குழாயில் இன்னும் சோதிக்கவில்லை. இதைச் சிறிய எழுத்தில் ஒளிக்காமல் மற்றவற்றின் அளவிலேயே போட்டேன்.

முடிவைப் போஸ்டரின் நடுவே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று 2019-இல் மைக் மாரிசன் என்னும் அமெரிக்க உளவியல் ஆராய்ச்சி மாணவர் ஒரு காணொளியில் வாதிட்டது பலருக்கு நினைவிருக்கும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் துறையில் வரைபடத்தைக் காணாமல் வாக்கியத்தை நம்புவோர் குறைவு. ஆகையால் வாக்கியத்தைத் தலைப்பிலும் வரைபடத்தை நடுவிலும் வைத்தேன்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒன்று. ஏ0 தாள் ஏ4 தாளைப்போல் நீளத்தில் நான்கு மடங்கு, அகலத்தில் நான்கு மடங்கு. ஆகவே அச்சுக்கடைக்குப் போகுமுன் முழுப் போஸ்டரையும் ஒரே ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். 28 பாயிண்டு எழுத்து அதில் 7 பாயிண்டாகத் தெரியும். கையில் பிடித்து அதைச் சிரமமின்றிப் படிக்க முடிந்தால், போஸ்டருக்கு முன்னால் ஓரிரு அடி தள்ளி நிற்பவராலும் படிக்க முடியும். என் பழைய போஸ்டரை இப்படி அச்சிட்டேன்; எறும்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தே எழுதியதால் வந்த வினை.

இரண்டாவது மாநாட்டிலும் கூட்டம் அலைமோதவில்லை. ஆனால் குடிநீர்த் துறைப் பொறியாளர் ஒருவர் தொலைவிலேயே தலைப்பைப் படித்துவிட்டு நேரே வந்தார். “பாதி என்கிறீரே, நீரில் முதலில் சிறிது அமிலம் சேர்த்துப் பைகார்பனேட்டைப் போக்கிவிட்டால்?” என்றார். செய்யலாம் என்றும், ஆனால் கிராமத்தில் அமிலத்தைக் கையாள்வது யார் என்றும் கேட்டேன். தேநீர் ஆறும்வரை வாதாடினோம். போகும்போது தம் பகுதிக் கிணறுகள் இரண்டின் நீரை அனுப்புவதாகச் சொன்னார்; குடுவைகளைக் கழுவி வைத்துக் காத்திருக்கிறேன்.