முப்பது விநாடியில் ஒரு மருந்துக் கடை

கும்பகோணத்தில் ஒரே கிளையுடன் நடக்கும் ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். மாத மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியைக் கடைக்காரர் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பண்பலை வானொலியில் ஒலிக்க 30 விநாடி விளம்பரம் ஒன்று வேண்டும். கேட்பவர்கள் இரு வகையினர். மாத்திரையை விழுங்குபவர் ஊரில் இருக்கும் அம்மா. பணம் கட்டுபவர் சென்னையில் வேலை செய்யும் மகன். இருவருக்கும் தனித்தனி விளம்பரம் செய்யக் கடைக்காரரிடம் பணமில்லை. எனவே ஒரே பிரதி இருவரிடமும் பேசியாக வேண்டும்.

வேலை எழுதுமேசையில் தொடங்குவதில்லை, கடையின் கல்லாவருகே தொடங்குகிறது. மொத்த விற்பனையாளரிடமிருந்து சரக்கு எப்போது வருகிறது, வண்டி எதுவரை போகும், தொலைபேசியை யார் எடுப்பார் என்ற மூன்றையும் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடையில் இல்லாத மருந்துக்குக் காலை 11 மணிக்குள் சொல்லிவிட்டால் பிற்பகலில் சரக்கு வந்துவிடும். கடைப் பையன் மாலையில் ஒரு சுற்று போவான், நகர எல்லைக்குள் மட்டும். பிரதியில் வரக்கூடிய வாக்குறுதி இவ்வளவே. இந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எழுதுபவரின் பேனாவில் ‘உடனடியாக’ என்ற சொல் தானாகவே வந்து விழும்.

அடுத்தது சட்டம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்த அட்டவணையில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு. இங்கே விற்கப்படுவது குணமன்று, கொண்டுவந்து தரும் சேவை. ஆனாலும் ‘சர்க்கரைக்கு’, ‘பிரஷருக்கு’ என்ற சொற்களைப் பிரதியில் நுழைய விடாமல் ‘மாத்திரை’ என்று நிறுத்திக்கொள்வது நல்லது. கேட்பவருக்குத் தம் மாத்திரை எது என்று தெரியும்.

‘எல்லா மருந்தும்’ என்று எழுதவும் முடியாது. சில்லறைக் கடைகள் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்க, மத்திய அரசின் 2020 மார்ச் 26ஆம் தேதி அறிவிக்கை நிபந்தனைகளுடன் வழிவிட்டது. மருத்துவர் சீட்டு வேண்டும். கடையும் வீடும் ஒரே வருவாய் மாவட்டத்தில் இருக்க வேண்டும். நாள்பட்ட நோய்க்கான சீட்டானால் எழுதிய 30 நாளுக்குள் வந்து சேர வேண்டும். எச்1 அட்டவணை மருந்துகளுக்கு அந்த வழி இல்லை. முதியவர்கள் பலர் தூக்கத்துக்காக உட்கொள்ளும் அல்பிரசோலம் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. ‘எல்லாம் கிடைக்கும்’ என்று வானொலியில் கேட்டுவிட்டு, அந்த ஒரு மாத்திரை மட்டும் குறைந்த பையை வாங்கும் அம்மா அடுத்த மாதம் அழைக்க மாட்டார்.

இப்போது நேரத்தைப் பங்கிட வேண்டும். கடைப் பெயரும் பத்து இலக்க எண்ணும் இருமுறை ஒலிக்க வேண்டும். எண்ணை நம் மக்கள் ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொள்கிறார்கள். பிரதியிலும் அப்படியே எழுதி, இரு பகுதிகளுக்கும் இடையே ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். இதற்கு 12 விநாடி போய்விடும். மிச்சம் 18 விநாடி. முதியவர் காதுக்கு விநாடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஆக, செலவழிக்க 36 சொற்களே உள்ளன. இந்தக் கணக்கை எழுதும் முன்னரே போட்டுவிட்டால், பிறகு வெட்டுவதற்கு அதிகம் இருக்காது.

வடிவம், அம்மாவும் மகனும் பேசும் தொலைபேசி உரையாடல். இதில் ஒரு நுட்பம் உண்டு. மகன் அக்கறை காட்ட அம்மா தலையாட்டுவதாக எழுதினால் மகன்களுக்குப் பிடிக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தம்மை இயலாதவராகக் காட்டுவது பிடிக்காது. ஆகவே மாத்திரையை எண்ணிப் பார்த்துச் சொல்பவர் அம்மாவாகவும், கேள்வி கேட்பவரும் அவராகவும் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியும் உண்மையில் கடைகளில் அன்றாடம் கேட்கப்படுவதாக இருக்க வேண்டும். அட்டையின் நிறம் மாறினால் முதியவர் குழம்புகிறார்; அதே மாத்திரைதானா என்று கேட்கிறார். மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக, சீட்டுக்குரிய மருந்தில் வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தரக்கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. அம்மாவின் சந்தேகத்துக்குச் சட்டத்திலேயே விடை இருப்பதால் ‘அதேதான்’ என்ற ஒரு சொல்லைத் துணிந்து எழுதலாம்.

இந்த அளவுகளுக்குள் அமைந்த பிரதி இது:

அம்மா: நாலு நாளைக்குத்தான் மாத்திரை இருக்குப்பா.
மகன்: சீட்டைக் கடைக்கு அனுப்பிட்டேம்மா. பணமும் கட்டிட்டேன்.
அம்மா: டாக்டர் எழுதின அதே மாத்திரைதானே?
மகன்: அதேதான். அட்டையைப் பாத்து வாங்கிக்கோம்மா.
அறிவிப்பாளர்: மருத்துவர் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இல்லையென்றால் அழையுங்கள். காலை பதினோரு மணிக்குள் அனுப்பினால் அன்று மாலையே கும்பகோணம் நகருக்குள் வீட்டில் தருகிறோம்.
(கடைப் பெயர், எண். மீண்டும் கடைப் பெயர், எண்.)

முப்பத்து மூன்று சொற்கள். ‘பணமும் கட்டிட்டேன்’ மகனுக்கான வரி: சென்னையிலிருந்தே செலுத்தலாம் என்பதை வேறு விளக்கமின்றி அது சொல்லிவிடுகிறது. ‘அட்டையைப் பாத்து வாங்கிக்கோ’ அம்மாவுக்கானது: வாசலில் சரிபார்க்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. ‘இல்லையென்றால் அழையுங்கள்’ என்ற இரு சொற்கள் பொத்தான் தொலைபேசி வைத்திருப்பவருக்கு. அவர் அழைத்தால் பையன் வீட்டுக்கு வந்து சீட்டைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புவான். ஆனால் அந்த விளக்கத்துக்குப் பிரதியில் இடமில்லை. அது தொலைபேசி எடுப்பவரின் மேசையில் ஒட்டும் தாளுக்குப் போகும். இன்சுலின் கேட்பவருக்கான குறிப்பும் அதே தாளில்தான்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்பதால் குளிர்ப் பொதியுடன் பெட்டியில் போகும், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும், வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது.

ஒலிப்பதிவில் கவனிக்க வேண்டியது ஒன்றே. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. ச, ஸ போன்ற ஒலிகள் மங்கிவிடும். பின்னணி இசையும் சேர்ந்தால் சொற்கள் கரைந்துபோகும். எனவே இசையைத் தொடக்கத்து மணியோசையோடு நிறுத்திவிட வேண்டும். எண் ஒலிக்கும் 12 விநாடியில் குரலைத் தவிர எதுவும் கேட்கக்கூடாது. அறிவிப்பாளர் கீச்சுக் குரல்காரராக இல்லாமல் நடுத்தரக் குரல்காரராக இருப்பது மேல்.

கடைசியில் சோதனை. ஒலிப்பதிவுக் கூடத்தின் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்வதில் பயனில்லை. சிறிய கைபேசியில், மின்விசிறி சுற்றும் அறையில், எழுபது வயது தாண்டிய ஒருவருக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்க விட வேண்டும். பிறகு எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும், எந்த ஊருக்குள் தருவார்கள் என்று கேட்டு, எண்ணை எழுதித் தரச் சொல்ல வேண்டும். மணி தவறினால் அறிவிப்பாளரின் நடை வேகமானது என்று பொருள். எண் தவறினால் இடைவெளி போதவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்தும் நேரம் 30 விநாடியைத் தாண்டினால் உரையாடலில் ஒரு வரியை எடுத்துவிடலாம். இரண்டாம் முறை ஒலிக்கும் எண்ணில் கை வைக்கக்கூடாது.

பிரதியின் தலைப்பில் எழுதிய தேதியையும், அது நம்பியிருக்கும் 11 மணிக் கெடுவையும் நகர எல்லையையும் குறித்துக் கடைக்காரரிடம் ஒரு படி கொடுத்துவிட வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று மாறினால், அன்றே ஒலிபரப்பை நிறுத்திப் பிரதியைத் திருத்தச் சொல்லுங்கள்.