மொட்டை மாடியின் ஓரச் சுவர்: அளவை எங்கிருந்து தொடங்குவது?

மழைக்காலத்தில் வீட்டின் உட்கூரை ஓரமாக, சுவரும் கூரையும் சேரும் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு படரும். சுண்ணாம்பு உப்பும், பெயின்ட் உரிவதும் பின்னாலேயே வரும். “தளம் ஒழுகுகிறது” என்று முடிவுகட்டி, மாடி முழுவதும் வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். அடுத்த ஐப்பசியில் அதே கோடு அதே இடத்தில் தெரியும். பெரும்பாலும் குற்றம் தளத்தின் நடுவில் இருப்பதில்லை. அதைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சுவரிலும், அந்தச் சுவர் தளத்தைத் தொடும் இடத்திலும் இருக்கிறது.

முதலில் உயரம். மாடி ஓரச் சுவர் ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு. இந்த உயரத்தை, வேலையெல்லாம் முடிந்து மனிதர் கால் வைத்து நிற்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும். கட்டும்போதோ கொத்தனார் வெறும் கான்கிரீட் தளத்திலிருந்து மூன்றடி கணக்கிட்டுச் சுவரை எழுப்பிவிடுகிறார். அதன்பிறகுதான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமும், அதன்மேல் தட்டோடும் வருகின்றன.

முப்பதடி நீள மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழைநீர்க் குழாய் ஒரு முனையில் இருக்கிறது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்தால், குழாயருகே 3 அங்குலமாகத் தொடங்கும் ஜல்லித்தளம் மறுமுனையில் 7½ அங்குலமாகத் தடிக்கும். தட்டோட்டுக்கும் அதன் அடிக் கலவைக்கும் இன்னொரு ஒன்றரை அங்குலம். ஆகமொத்தம், அந்த முனையில் தரை 9 அங்குலம் உயர்ந்துவிடுகிறது. மூன்றடிச் சுவரில் மிஞ்சுவது 27 அங்குலம்தான். வளர்ந்த ஒருவருக்கு அது இடுப்புக்கும் கீழே. துணி காயப்போடக் குனிந்து நிமிர்பவருக்கும், பட்டம் விட்டபடி பின்னால் நகரும் பிள்ளைக்கும் இந்தச் சுவர் காவலாக இருக்காது. சுவரை ஒட்டித் திண்ணை கட்டினாலும் பூந்தொட்டி மேடை வைத்தாலும், கால் ஏறக்கூடிய அந்த மேற்பரப்பிலிருந்துதான் மறுபடி உயரத்தை அளக்க வேண்டும்.

அதே 9 அங்குலம் இன்னொரு கெடுதலையும் செய்கிறது. நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்தோடு நிறுத்தாமல் சுவரிலும் அரை அடி ஏற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதையும் வெறும் கான்கிரீட்டிலிருந்தே அளக்கிறார்கள். ஜல்லியும் ஓடும் ஏறி முடிந்ததும், தூர முனையில் அந்த அரை அடிப் பூச்சு முழுவதும் தரைக்குள் புதைந்துவிடுகிறது. மழைநீர் ஓடும் மட்டத்தில் வெறும் சிமெண்ட் பூச்சும் செங்கல்லும்தான் நிற்கின்றன. சுவர் உறிஞ்சும் நீர், நீர்த்தடுப்புக்குப் பின்பக்கமாக இறங்கி அறையின் மூலையில் தலைகாட்டுகிறது. பூச்சின் மேல்விளிம்பு, பதித்து முடித்த ஓட்டுக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் தெரிய வேண்டும். மேலே சொன்ன மாடியில், கான்கிரீட்டிலிருந்து 15 அங்குலம் ஏற்றினால்தான் அந்த 6 அங்குலம் கிடைக்கும்.

அந்த மூலை ஏன் இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கிறது? சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் சூடாகி நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. மேலே நிற்கும் செங்கல் சுவர் அதே அளவில் அசைவதில்லை. இரண்டும் சேரும் கோட்டில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. வீட்டின் வெளிப்புறத்தில், தள மட்டத்தில் படுக்கைவாட்டில் ஓடும் வெடிப்பும் பெரும்பாலும் இதனால் வந்ததே. நீர்த்தடுப்பை நேர் மூலையாக மடித்தால் அந்த மடிப்பிலேயே அது கிழியும். எனவே மூலையில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை வைத்து இழைத்து, அது காய்ந்தபின் வலைத்துணியை நடுவில் வைத்து இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி அடைக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் விளிம்பு பெயர்ந்து, சுவரில் வழியும் நீர் நேரே அதன் பின்னால் போகும்.

கனத்தில் சிக்கனம் பார்ப்பவர்களே அதிகம். தமிழ்நாட்டு வீடுகளில் நாலரை அங்குலச் சுவரே பெருவழக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எடை இருமடங்கு. சாய்வதை எதிர்க்கும் அடிப்பகுதியின் அகலமும் இருமடங்கு. ஆகவே, சொந்த எடையால் மட்டும் நிற்கும் சுவரின் தாங்குதிறன் நான்கு மடங்காகிறது. அதுவும் புயலுக்குப் போதாது. சென்னைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட நகரத்துக்கு இது ஏட்டுக்கணக்கு அல்ல. நாலரை அங்குலத்தில்தான் கட்டியாக வேண்டும் என்றால், தளத்திலிருந்தே கம்பி விட்டு எட்டு, பத்தடிக்கு ஒரு சிறு தூண் எழுப்பி, உச்சியில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டையால் அவற்றைப் பிணைக்க வேண்டும்.

அந்தப் பட்டையே கோப்பிங்காகவும் அமையலாம். சுவரின் உச்சி வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இடம். வெறும் பூச்சு வெடித்துவிட்டால் மழை அதற்குள்ளேயே இறங்கும். கோப்பிங்கின் மேற்பரப்பு மாடிப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்; தெருப்பக்கம் சாய்ந்தால் முகப்பில் கறுப்புக் கோடுகள் விழும். இருபுறமும் சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் ஒரு விரல் அகலக் காடி ஓட வேண்டும். அந்தக் காடி இல்லையென்றால் நீர் அடிப்பரப்பை ஒட்டியே திரும்பிச் சுவருக்கு வந்துவிடும். கிரானைட் பலகை பதிப்பவர்கள் கல்லை நம்பி இணைப்புகளை மறந்துவிடுகிறார்கள். கல்லுக்குள் நீர் போகாமல் இருக்கலாம், இடுக்கு வழியே போகும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், அங்கே வேருக்குப் போதுமான ஈரம் நிரந்தரமாக இருக்கிறது என்று பொருள்.

ஒழுகல் எங்கிருந்து என்று அறிய ஒரு சோதனை உண்டு. மழையில்லாத நாளில் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத்துக்கு நீர் தேக்கி 48 மணி நேரம் விடவேண்டும். அறையில் ஈரம் தெரிந்தால் தளத்திலோ, மூலையிலோ, குழாய் வாயிலோ கோளாறு. ஒன்றும் தெரியாமல், காற்றோடு மழை அடிக்கும்போது மட்டும் கறை வருகிறதென்றால் சுவரையும் கோப்பிங்கையும்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது தளத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

பழைய வீட்டில் மூலைக் கோளாறைச் சரிசெய்ய மாடி முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. சுவரோரம் ஓரடி அகலத்துக்கு ஓட்டையும் ஜல்லியையும் எடுத்து, சுவரில் ஓட்டு மட்டத்துக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சாய்வுக் கலவையிலிருந்து வேலையைப் புதிதாகத் தொடங்கலாம். பட்டையை மூடுவதற்கு முன் நீர் தேக்கிப் பார்ப்பது கட்டாயம். உயரம் குறைந்த சுவருக்கு இரும்புக் கம்பித் தடுப்பு சேர்ப்பதானால், கோப்பிங்கைத் துளைக்க வேண்டாம். உள்பக்கத் தூண்களில், நீர்த்தடுப்பின் மேல்விளிம்புக்கு மேலே போல்ட் போட்டு நிறுத்துங்கள். புது வீடு கட்டுகிறவர்கள், கைப்பிடிச் சுவரின் முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே, ஓடு முடியும் மட்டத்தை நான்கு மூலைகளிலும் சாக்பீசால் குறிக்கச் சொல்லுங்கள்.