ஆளிவிதையும் சியாவும்: அரைப்பது எதற்கு, ஊறவைப்பது எதற்கு?

ஆளிவிதையும் சியா விதையும் மளிகைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, அவற்றை வாங்கி வருகிற பலருக்கும் ஒரு சந்தேகம் இருந்து வருகிறது. இரவில் தண்ணீரில் போட்டு வைத்த விதை காலையில் பார்க்கும்போது வழுவழுவென்று பருத்து, கூழைப் போல இளகியிருக்கிறதே, இவ்வளவு இளகிய பதார்த்தத்தை அப்படியே சாப்பிட்டால் போதாதா, மறுபடி எதற்காக அரைக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சந்தேகம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்குள், ஊறிய விதை உடைந்த விதைக்குச் சமம் என்கிற ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அந்த அனுமானம் சரியன்று.

ஆளிவிதையின் அமைப்பைச் சற்றுக் கவனித்தால் இது விளங்கும். விதைத் தோலின் வெளிப்புற அடுக்கில் இருக்கிற பசைப்பொருள்தான் தண்ணீர் பட்டவுடன் உப்பி வழுவழுப்பாக மாறுகிறது. அதற்கு உள்ளே நார்ப்பொருளால் ஆகிய கெட்டியான தோல் அடுக்குகள் இருக்கின்றன. எண்ணெயும் புரதமும் அவற்றுக்கும் உள்ளே, பருப்பின் நுண்ணறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. விதையின் எடையில் ஏறத்தாழ 40 சதவிகிதம் எண்ணெய். அந்த எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலம் என்கிற ஒமேகா-3 கொழுப்பு. ஊறவைக்கும்போது தண்ணீர் உள்ளே செல்லத்தான் செய்கிறது, ஆயினும் தோல் கிழிவதில்லை, எண்ணெயும் வெளியே வருவதில்லை. அந்தத் தோலைக் கரைக்கவல்ல ஜீரண நீர் எதுவும் மனித சரீரத்தில் சுரப்பதில்லை. ஆகவே அதை உடைப்பதற்கு நமக்கு இயற்கை தந்த ஒரே கருவி பல். சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளமும் தட்டையான வடிவமும் கொண்ட ஆளிவிதையோ, உமிழ்நீர் பட்ட மாத்திரத்தில் வழுக்கத் தொடங்கி, பல்லுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. முழு விதையை விழுங்கியவர்களின் மலத்தில் விதைகள் விழுங்கிய உருவத்திலேயே தென்படுவது இதனால்தான். அவ்வாறு கண்ணுக்குத் தெரிந்தால், அந்த விதைகளின் எண்ணெய் சரீரத்தில் சேரவில்லை என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

கனடா நாட்டு வின்னிபெக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதை மனிதர்களிடத்திலேயே பரிசோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தினந்தோறும் 30 கிராம் ஆளிவிதையை முழுதாகவும், இன்னொரு பிரிவினருக்கு அதே அளவை அரைத்தும், மூன்றாம் பிரிவினருக்கு ஆளிவிதை எண்ணெயாகவும் கொடுத்து, ரத்தத்தில் ஆல்பா லினோலெனிக் அமிலத்தின் அளவைக் கவனித்தார்கள். ஒரு மாதத்துக்குள் எண்ணெய் அருந்தியவர்களிடத்தில் அது மிக அதிகமாகவும், அரைத்த விதை உண்டவர்களிடத்தில் தெளிவாகவும் உயர்ந்திருந்தது. முழு விதை உண்டவர்களிடத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. விதை மஃபின் என்னும் சிறு கேக்குகளில் கலந்து வேகவைத்தே கொடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அரைத்த விதையின் எண்ணெய் அடுப்புச் சூட்டைக் கண்டும் பயனற்றுப் போகவில்லை, முழு விதையின் தோலோ அந்தச் சூட்டினாலும் திறந்துகொள்ளவில்லை.

எல்லாச் சத்துகளுக்கும் இதே கணக்கு என்று சொல்லிவிட முடியாது என்பதை நெதர்லாந்து நாட்டில் நடந்து 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி அழகாகக் காட்டுகிறது. ஆளிவிதையின் தோலில் லிக்னன் என்னும் பொருள்கள் உண்டு. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை மாற்றியமைத்த பிறகே அவை ரத்தத்தில் கலக்கின்றன. பன்னிரண்டு பேர், உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் வீதம், அதாவது 60 கிலோ எடையுள்ளவர் 18 கிராம் என்ற அளவில், முழு விதை, நொறுக்கிய விதை, நைசாக அரைத்த விதை ஆகிய மூன்றையும் தனித்தனிக் காலங்களில் பத்துப் பத்து நாட்கள் உண்டார்கள். அரைத்த விதையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்ததை 100 என்று வைத்துக்கொண்டால், நொறுக்கிய விதையிலிருந்து 43-ம் முழு விதையிலிருந்து 28-ம் சேர்ந்தன. முழு விதையிலிருந்து கூட இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம், லிக்னன் தோலிலேயே இருப்பதும், அதைப் பிரித்தெடுக்கும் வேலை பெருங்குடலில் நிதானமாக நடப்பதுமேயாகலாம். கொழுப்போ சிறுகுடலில் கிரகிக்கப்படுவது; விதை அந்த இடத்தைக் கடப்பதற்குள் உடைந்திராவிட்டால், பின்னால் பெருங்குடலில் என்ன நடந்தாலும் அதனால் ஒமேகா-3 வந்து சேராது. நொறுக்கிய விதைக்கும் அரைத்த விதைக்கும் இடையே உள்ள தூரம் மற்றொன்றையும் சொல்கிறது: மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றி, விதைகள் பாதியும் தூள் பாதியுமாக எடுத்துவிடுவது அரைகுறை வேலை.

சியா விஷயத்தில், அது மிகச் சிறியது, அதன் தோல் மெல்லியது, ஆகவே அரைக்க வேண்டியதே இல்லை என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்கிறோம். இதைச் சோதிக்க அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் நடத்திய இரண்டு பரிசோதனைகள் உதவுகின்றன. 2009-ல் வெளியான முதலாவதில், 25 கிராம் முழுச் சியாவைக் கால் லிட்டர் தண்ணீரில் கலந்து, தினம் இருவேளை, பன்னிரண்டு வாரங்கள் அருந்தினார்கள். ரத்தத்தில் ஆல்பா லினோலெனிக் அமிலம் ஏறத்தாழ 24 சதவிகிதம் உயர்ந்தது. 2012-ல் வெளியான இரண்டாவதில், உடல் எடை மிகுந்த 62 பெண்கள் மூன்று பிரிவுகளாகப் பத்து வாரங்கள் கவனிக்கப்பட்டார்கள். நாளுக்கு 25 கிராம் அரைத்த சியா உண்டவர்களிடத்தில் உயர்வு 58 சதவிகிதம், அதே 25 கிராமை முழுதாக உண்டவர்களிடத்திலோ குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. இரண்டு பரிசோதனைகளிலும் பங்குகொண்டவர்கள் வேறு வேறானவர்கள் ஆகையால் எண்ணுக்கு எண் ஒப்பிடுவது தகாது. ஆயினும் போக்கு தெளிவாகத்தான் இருக்கிறது: முழுச் சியாவிலிருந்து சிறிது கிடைக்கிறது, அந்தச் சிறிதைப் பெறுவதற்கும் நிறைய உண்ண வேண்டியிருக்கிறது; அரைத்தால் பாதி அளவு போதும். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இந்த இரண்டு பரிசோதனைகளிலும், அரைத்ததோ முழுதோ, சியாவினால் ரத்த அழுத்தம் முதலியவற்றில் நன்மை எதுவும் காணப்படவில்லை. கிரகிக்கப்படுவது வேறு, அதனால் நோய் விலகுவது வேறு.

அப்படியானால் ஊறவைப்பது வீண் வேலையா என்றால், இல்லை. அதன் பிரயோஜனம் வேறிடத்தில் இருக்கிறது. சியா தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமான நீரை இழுத்துத் தேக்கிக்கொள்ளும்; அந்த நீர் தேங்கிய பசை மலத்தை இளக்கிப் பருமனாக்கும்; மலச்சிக்கலுக்காக மட்டும் இவ்விதைகளை நாடுகிறவர்களுக்கு ஊறிய முழு விதையே போதும். ஆனால் அந்த உப்புதல் வயிற்றுக்கு வெளியே, பாத்திரத்தில் நடந்து முடிந்துவிட வேண்டும். வட கரோலினாவில் 39 வயதுடைய ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை வாயில் போட்டு ஒரு குவளை தண்ணீரைக் குடிக்க, விதைகள் உணவுக்குழாயிலேயே உப்பி, கெட்டியான பசை உருண்டையாக அடைத்துக்கொண்டன. மருத்துவர்கள் உள்நோக்குக் குழாயின் நுனியால் அதைச் சிறிது சிறிதாக இரைப்பைக்குள் தள்ள நேர்ந்த விவரம் 2014-ல் இரைப்பை, குடல் மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் எடுத்துரைக்கப்பட்டது. அவருக்கு முன்பே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்து வந்தது. அத்தகைய சிரமம் உள்ளவர்கள், முதியவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு உலர்ந்த சியாவைக் கொடுக்கவே கூடாது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, கட்டி பிடிக்காமல் ஓரிரு முறை கிளறி, அரை மணி நேரமாவது வைத்திருந்து கொடுப்பதே முறை. நன்னாரி சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கும் சப்ஜா, திருநீற்றுப் பச்சிலையின் விதை. அது சியா அன்று, ஆனால் இந்த ஜாக்கிரதை அதற்கும் பொருந்தும்.

அரைப்பதிலும் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, காற்றுப் பட்ட எண்ணெய் கெடுவது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி உலரும் இயல்புடையது; ஓவியர்களும் மரத்தச்சர்களும் அதைப் பயன்படுத்துவது அந்த இயல்பினாலேயே. தோல் இருக்கிறவரை எண்ணெய்க்குக் காவல் இருந்தது; தூளுக்கு அந்தக் காவல் இல்லை. நல்ல பொடியில் பருப்பு வகைகளுக்குரிய இதமான மணம் இருக்கும். கெட்ட பொடி கசக்கும், பெயிண்ட் வாடையோ மீன் வாடையோ வீசும். அதைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது, ஆளிவிதையில் சயனைடை வெளிவிடக்கூடிய பொருள்கள் சிறிதளவு உண்டு. அவையும் அவற்றைச் சிதைக்கும் நொதியும் முழு விதையில் பிரிந்தே இருக்கின்றன, அரைத்து ஈரம் படும்போது ஒன்றோடொன்று கலக்கின்றன. நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவில் உண்கிற ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இதனால் அச்சமில்லை. அந்தச் சிறு அளவைச் சரீரம் தானே மாற்றி வெளியேற்றிவிடும். அரைப்பது நல்லதென்றால் கிண்ணம் கிண்ணமாக அரைப்பது இன்னும் நல்லது என்று எண்ணுவதும், பச்சைப் பொடியைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதும்தான் தவறு.

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் அடுப்பங்கரையில் செய்யக்கூடியது எளிதே. ஆளிவிதையை வாணலியில் மிதமான சூட்டில், நாலைந்து விதைகள் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, முழுதும் ஆறவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மாத்திரம், ஈரமில்லாத சின்ன ஜாரில், இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். ஒரே மூச்சாக ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் கசிந்து பொடி அடியில் ஒட்டிக்கொள்ளும். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, முழு விதை எதுவும் நெருடாத பதம் வந்ததும், காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பத்துக் கிராம் பொடியில் ஏறத்தாழ இரண்டு கிராம் ஆல்பா லினோலெனிக் அமிலம் இருக்கும். அதை மோரிலோ, இட்லிப் பொடியோடு கலந்தோ, சப்பாத்தி மாவில் பிசைந்தோ உண்ணலாம். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சியாவையும் இவ்வாறே, ஆனால் வறுக்காமல், பொடித்து, அந்தப் பொடியைத் தண்ணீரிலோ பாலிலோ கரைத்து ஊறவிட்டுச் சாப்பிட்டால், அரைத்ததன் பலனும் ஊறியதன் பலனும் ஒருங்கே கிடைக்கும். இரண்டில் எதை உண்டாலும், தினமும் மருந்து உட்கொள்கிறவர்கள் மருந்துக்கும் இதற்கும் இடையே ஓரிரு மணி நேரம் விட வேண்டும். இந்தப் பசை குடலில் மருந்தைச் சூழ்ந்து, அது ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தக் கூடும்.